மீற்றரை மறைத்த பிள்ளையார்

நாங்கள் நாலு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். கிளிநொச்சியிலிருந்து கண்டாவளைப் பக்கம் போகிற கிறவல் மண் ரோட்டில், மைல்கல்லே இல்லாத இடத்தில் அது இருந்தது. பஸ்ஸை நம்பினால் முதல் பாடம் போய்விடும். என் உயிர்க்கூட்டாளி ஒரு பழைய பிரெஞ்சுக் கார் வாங்கியதும், நாலு பேரும் அதில் போய்ச் செலவைச் சமமாகப் பிரிப்பதென்று முடிவானது.

கணக்கு வாத்தியார் நான்தான். ஒரு கலன் பெற்றோல் இரண்டு ரூபா நாற்பது, முப்பது மைல் ஓடும் என்றான் கூட்டாளி. மைலுக்கு எட்டுச் சதம். ரயர், ஒயில், இன்சூரன்ஸ், தேய்மானம் என்று இன்னும் எட்டு. பதினாறை நாலாகப் பிரித்தால் தலைக்கு நாலு சதம். மாதக் கடைசியில் மீற்றரில் ஏறிய தூரத்தை நாலால் பெருக்குவேன். மீற்றருக்கு மேல் அவன் ஒரு பிள்ளையார் படம் ஒட்டியிருந்தான். நானும் காலையில் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவேன்.

எங்களோடு வந்த ரீச்சர் ஒருநாள் கேட்டா: "போக வர முப்பத்திரண்டு மைலோ, மாஸ்டர்? சைக்கிள்ல போறவையும் இருக்கினமே."

"மீற்றர் பொய் சொல்லாது, ரீச்சர்," என்றேன் வெடுக்கென்று.

இரண்டு மாதத்தில் அவவுக்குக் கட்டுப்படியாகவில்லை. கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினா.

பிறகு ஒரு பங்குனி வெயிலில் பசை உருகிப் பிள்ளையார் என் மடியில் விழுந்தார். அவர் இருந்த இடத்தில் சின்ன எழுத்தில் 'km' என்று அந்நிய பாஷையில் கிடந்தது, கிலோமீற்றர். நாங்கள் மைலிலேயே வாழ்ந்த சனம். ஆனாலும் கணக்கு வாத்தியாருக்கு அது விளங்கும். அன்று பின்னேரமே கூட்டாளி காரை ஓட்ட, நான் பக்கத்திலிருந்து கண்டி ரோட்டில் மைல்கல் பார்த்துக்கொண்டு போனேன். ஐந்து மைலுக்கு மீற்றர் எட்டு ஏறியது. அப்படியென்றால் கிலோமீற்றருக்குப் பத்துச் சதம், தலைக்கு இரண்டரை. நாளுக்கு எண்பது சதம் கொடுக்கவேண்டிய நாங்கள் ஒரு ரூபா இருபத்தெட்டுக் கொடுத்திருக்கிறோம்.

தெரியாமல் நடந்திருக்கும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவன் ஸ்ரேறிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வாங்கேக்கையே தெரியும், மச்சான். கார்க் கடன் கட்டவேணுமெல்லே. கணக்குப் போட்டது நீதானே, ஆர் உன்னைச் சந்தேகப்படுவினம்?"

கூட இருந்து குழி பறிக்கிறது என்பார்கள். இவன் மண்வெட்டியையும் என் கையிலேயே தந்திருந்தான். காரை நிற்பாட்டச் சொன்னேன். இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்தநாள் ரீச்சரிடம் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். அவ கொப்பி திருத்துவதை நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தா.

"அதில உங்கட பங்கு எவ்வளவு, மாஸ்டர்?"