ஒரு மணி முதல் ஒன்றரை வரை

கழுத்தில் கட்டி எடுத்த பிறகு அவளுக்குக் குரல் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, கரகரவென்று கொஞ்சம் மிச்சம் இருந்தது. நாலு வாக்கியம் பேசினால் மூச்சு வாங்கும். பெரிய மருத்துவமனையின் கால் சென்டரில் ஏழு வருடம் பேசிப் பிழைத்தவள். இனி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தாள். மேனேஜர் அனுப்பவில்லை. ஓரத்து மேசையில் உட்காரவைத்து, கால்பேக் வரிசையை அவள் பொறுப்பில் விட்டார்.

"தேதி பார்த்துட்டுத் திரும்பக் கூப்பிடறோம்" என்று நோயாளிகளுக்கு வாக்குக் கொடுத்த அழைப்புகளை நேரப்படி அடுக்கி, கை ஒழிந்தவருக்கு ஒவ்வொன்றாகத் தள்ளிவிட வேண்டும். எல்லோரும் அவளை வரிசை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் மட்டும், "இருபது பேரைப் பேச வெச்சுட்டு நீ சும்மா உக்காந்திருக்கியா? நம்ம வீட்லயும் அதேதானே" என்று சீண்டுவார்.

மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பட்டியலில் ஒரு குறிப்பைப் பார்த்து அவள் கை நின்றது. "மதியம் 1 முதல் 1.30 வரை மட்டும். மற்ற நேரம் போன் கம்பெனி லாக்கரில்." இதை நேற்றும் படித்தோமே என்று பட்டது. முந்தாநாளும். அந்த எண்ணின் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தாள்.

முதல் வாக்குக் கொடுத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் நேரம் கடந்துவிட்டால் கம்ப்யூட்டர் அதை மறுநாள் அதே நேரத்துக்கு மாற்றி, புதுத் தேதி போட்டுவிடும். அதனால் பழைய அழைப்பு தினமும் புதிதாகவே தெரிந்தது. ஒரு மணிக்கு ஏன் யாரும் எடுக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. ஒரு மணிக்கு மொத்தக் கூடமும் சாப்பிட எழுந்துவிடும். மிஞ்சுகிற மூன்று பேருக்கு வருகிற அழைப்புகளை எடுக்கவே சரியாக இருக்கும். அவளும்தான் தினமும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய்க்கொண்டிருந்தாள்.

அன்று ஒரு மணிக்கு அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொருவரிடம் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. தானே எண்ணை அழுத்தினாள். முதல் ரிங்கிலேயே ஒருவர் எடுத்தார். பின்னால் மெஷின் சத்தம்.

"ஆஸ்பத்திரியிலருந்து பேசறேங்க. உங்க வீட்டம்மாவுக்கு ஸ்கேன் தேதி கேட்டிருந்தீங்க."

மெஷின் சத்தம் விலகியது. "நாங்க வேற இடத்துக்குப் போயிட்டோம்மா. போன வாரம். மார்ல கட்டி. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்னு அந்த டாக்டர் சொன்னாரு."

"நீங்க திரும்ப எங்களுக்குப் போன் பண்ணலையாங்க?"

"ரெண்டு தடவ பண்ணேன். உங்க நம்பர் வரிசையில இருக்கு, அவங்களே கூப்பிடுவாங்கன்னாங்க. சாப்பிடப் போகாம வாசல்லயே நின்னு பார்த்தேன்."

வழக்கமாகச் சொல்லும் மன்னிப்பு வாசகம் எதிரே ஒட்டியிருந்தது. அவளுக்கு அது வாயில் வரவில்லை. "தப்பு எங்களுதுங்க. அந்த வரிசையைப் பார்த்துக்கிறவ நான்தான்" என்றாள். அதற்குள் குரல் கம்மிவிட்டது.

"உங்களுக்கே உடம்பு முடியல போலிருக்கே" என்றார் அவர். "பரவால்லம்மா. இனிமே கூப்பிட வேணாம். போன் அடிச்சா அவ பயந்துடறா."

பதிவை மூடக் காரணம் குறிக்க வேண்டும். "நோயாளி எடுக்கவில்லை", "விருப்பமில்லை", "முடிந்தது" என்று மூன்றுதான் இருந்தன. மூன்றையும் விட்டுவிட்டு, குறிப்பில் "நாம் கூப்பிடவில்லை" என்று எழுதினாள்.

அன்று மாலைக்குள் தோண்டியதில் அப்படி நாற்பத்திரண்டு பேர் அகப்பட்டார்கள். மேனேஜரிடம் தாளை நீட்டினாள்.

"இதெல்லாம் மிஸ் ஆனதில்லக்கா, தள்ளிப் போட்டது. மிஸ் பூஜ்யம்னுதான் ரிப்போர்ட் மேல போகுது."

"நம்ம கணக்குல தள்ளிப் போட்டது சார். காத்திருக்கறவங்களுக்கு?"

அவர் தாளிலிருந்த பெயர்களை எண்ணினார். "என்ன பண்ணணும்ங்கறீங்க?"

முதல் வாக்குக் கொடுத்த தேதி அழியாமல் நிற்க வேண்டும் என்றாள். தவறிப்போனவர்களில் பழையவருக்கு முதலிடம். ஆனால் எல்லோரும் அதிலேயே இறங்கினால் இன்றைய வாக்கும் தவறும். ஆகவே நான்கு பேர் பழையதை மட்டும் பார்க்கட்டும், மற்றவர்கள் இன்றைக்குச் சொன்ன நேரத்தைக் காப்பாற்றட்டும். சாப்பாடு இரண்டு பந்தியாகட்டும்.

கடைசியாகச் சொன்னதற்குத்தான் முணுமுணுப்பு அதிகம். ஒன்றாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள் இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வாரம் ரிப்போர்ட்டில் நாற்பத்திரண்டு என்று போனது. மேனேஜரை மேலே கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். திரும்பி வந்தவர் அந்த நாற்பத்திரண்டை மாற்றச் சொல்லவில்லை. பத்தாம் நாள் அது ஐந்தாக இறங்கியிருந்தது.

அந்த ஐவரில் மூன்று பேர் போனையே எடுக்கவில்லை. அவர்களை எந்த நேரத்தில் பிடிக்கலாம் என்று பட்டியலைப் பார்த்துக்கொண்டே, இரண்டாம் பந்தியில் அவள் தனியாக ஒதுங்கிச் சாப்பிட்டாள்.