கரைக்கு வராதவர்கள்

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். தங்கையின் வாய்மொழித் தேர்வன்று கல்லூரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்குத்தான் தேர்வு என்பதுபோல வியர்த்தது. அறைக்கதவு திறந்தே கிடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குப் பட்டம்.

எங்கள் பழவேற்காட்டு ஏரிச் சேற்றில் கையால் இறால் தடவும் பெண்களின் கைக்காயங்களைப் பற்றியது அவள் ஆய்வு. இறால் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் இரண்டு கையாலும் துழாவுகிற வேலை. எங்கள் அம்மாவும் அதைத்தான் செய்தாள். கெளுத்தி முள் குத்தி, சர்க்கரையும் சேர்ந்துகொள்ள, வலது கையில் இரண்டு விரலை எடுத்த பிறகு வீட்டோடு இருக்கிறாள்.

பிடித்த இறாலை வியாபாரியிடம் போட்டுவிட்டு வரும் பெண்கள் டச்சுக்காரர் கல்லறைச் சுவர் நிழலில் சற்று உட்காருவார்கள். தங்கை அங்கேயே போய்க் கேட்டாள். துணைக்கு நான். பெண்கள் அவளைச் சும்மா விடவில்லை. வாசல் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டைக் காட்டி ஒருத்தி சொன்னாள்: "அதையும் கேட்டு எழுதிக்க தாயி. அதுவும் எங்கியும் போவாம இங்கதான் நின்னுகினு கீது."

தங்கை சிரித்தாள். அந்தப் பேச்சு எனக்கு ஏனோ உறுத்திக்கொண்டே இருந்தது.

பேராசிரியர் முதலில் கேட்டது, ஏன் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று. இதற்கு அவள் தயாராக இருந்தாள். குலுக்கலுக்கு எல்லார் பெயரும் உள்ள பட்டியல் வேண்டும். எங்கள் ஊரில் பாடு என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதில் வலை வைத்திருக்கும் ஆண்களின் பெயர்தான் இருக்கும். அதிலிருந்து எத்தனை சீட்டு எடுத்தாலும் கையால் தடவுகிற ஒரு பெண்கூட வரமாட்டாள். அதனால் பல வருஷம் கையால் இறால் பிடித்தவர்கள் என்று வரையறை வைத்து, நோக்கத்துக்குப் பொருந்தியவர்களைத் தேடியதாகச் சொன்னாள். எத்தனை பேருக்குக் காயம் என்று எண்ணுவதல்ல, காயம் எப்படி வருகிறது, அதோடு எப்படி வேலை செய்கிறார்கள் என்று அறிவதே நோக்கம் என்றாள்.

"அது சரி," என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"அப்புறம் ஏம்மா முடிவுரையில 'பழவேற்காட்டுப் பெண்களில் பெரும்பாலோர்'னு எழுதியிருக்க? பெரும்பாலோரை நீ எங்க பார்த்த? சுவர் நிழல்ல உக்காந்தவங்களைப் பார்த்த. அது நோக்கம் இல்ல, உன் வசதி."

உள்ளே மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். வரம்புகள் என்ற பக்கத்தை அவரே உரக்கப் படித்தார்: நேரம் குறைவு, மாதிரி சிறியது. பழைய ஆய்வேடுகளிலிருந்து எல்லாரும் எடுத்துப் போடும் வரி. "இது வரம்பு இல்ல, லீவ் லெட்டர்," என்றார். மறுபடி சிரிப்பு.

"யாரை விட்ட? விட்டதால உன் முடிவு எந்தப் பக்கம் சாயுது? அதைச் சொல்லு."

அவள் வராந்தாவில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "காயம் இருக்கறதைவிடக் கம்மியா தெரியும் சார். ரொம்ப முடியாமப் போனவங்க கரைக்கே வர்றதில்ல."

"அப்படி ஒருத்தரையாவது தெரியுமா?"

"எங்க அம்மா."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் பேனாவை மூடியபடி, "வீட்டுக்குள்ளயே இருந்தாங்க, உனக்குத் தோணல," என்றார்.

வேண்டுமானால் அம்மாவிடம் கேட்டுச் சேர்க்கிறேன் என்றாள். கூடாது என்றார். கரையில் பார்த்தவர்கள் என்று சொல்லிவிட்டு, பெற்றவளை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்து ஒட்டினால் இருப்பதும் கெட்டுப்போகும். அவளைப்போல வேலையை விட்டவர்களை முறையாகத் தேடியிருக்க வேண்டும், இனி அதற்கு நேரமில்லை. விட்டதை விட்டதாகவே எழுது, 'பெரும்பாலோர்' என்பதை அடித்துவிடு, நாளைக்குக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

பஸ்ஸில் அவள் என்னோடு பேசவில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். அம்மா படிக்கச் சொன்னாள்.

"இந்த ஆய்வில் கல்லறைச் சுவரருகே வந்த, இன்னும் வேலை செய்ய முடிகிற பெண்கள் மட்டுமே உள்ளனர். காயத்தால் வேலையை விட்டவர்கள் இல்லை. எனவே கடுமையான காயங்கள் இதில் குறைவாகத் தெரியலாம். இந்த முடிவுகள் ஊர்ப் பெண்கள் அனைவருக்கும் பொருந்தும் எனக் கொள்ள இயலாது."

"இல்லாதவங்கள்ல நானும் ஒருத்தியா?"

"ஆமாம்மா."

"பாடு சீட்டுலயும் நான் இல்ல. நீ படிக்கத்தான் அந்தச் சேத்துல எறங்குனேன், உன் எழுத்துலயும் இல்ல."

"இருக்கம்மா. இல்லன்னு எழுதியிருக்கேன்ல."

அம்மா விரல் போன கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பேராசிரியர் மறுநாள் கையெழுத்துப் போட்டார். வரம்புகள் பக்கம் நன்றாக வந்திருக்கிறது என்றாராம். அதை அம்மாவிடம் சொல்ல வேண்டாமென்று தங்கை என்னிடம் கேட்டுக்கொண்டாள்.