கூட்டிப் போட்ட நிலுவை

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பயிற்சி பெற்ற ஆசிரியைக்குரிய சம்பளம் எனக்கு உறுதியாவதற்கு மூன்றாண்டுகள் ஆயின. அந்த மூன்றாண்டு நிலுவை ஒரே நாளில் வந்தது. தோட்டத்து வீட்டை விட்டு வெளியேற, டவுனில் ஒரு சிறு வீட்டுக்கு முன்பணம் கட்ட அதைத்தான் நம்பியிருந்தோம்.

சம்பள அலுவலகம் கொடுத்த தாளில் நிலுவை ஆண்டுவாரியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருந்தது. வருமான வரிப் படிவம் நிரப்பும்போது எனக்குப் பயம் வந்துவிட்டது. கையில் வாங்கியது இந்த ஆண்டுதானே, குறைத்து எழுதினால் மறைத்ததாகிவிடாதா? மூன்றையும் கூட்டி, அந்த ஆண்டுச் சம்பளத்தோடு சேர்த்து எழுதினேன். கூட்டல் சரியா என்று இரண்டு முறை பார்த்தேன். சரியாகவே இருந்தது.

வரி நோட்டீஸ் வந்தது. கூட்டிய தொகை என்னை மேல்படி வரி விகிதத்துக்குத் தூக்கியிருந்தது. கட்டினால் வீட்டுக்கு முன்பணம் இல்லை. தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவர் நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷத்துக்கு நீதான் பணக்காரி, போ" என்றார்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிள்ளான் நகருக்கு பஸ் ஏறினேன். வரி அலுவலக முகப்பில் இருந்தவர் தமிழர். நோட்டீஸையும் சம்பள அலுவலகத் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"டீச்சர், அவங்க பிரிச்சித்தானே கொடுத்திருக்காங்க. எதுக்குக் கூட்டினீங்க?"

"கூட்டாம விட்டா மறைச்ச மாதிரி ஆயிடும்னு பயந்தேன் சார்."

"எந்த வருஷத்து வேலைக்கு வந்த காசோ, அந்த வருஷத்துச் சம்பளத்தோடதான் அது சேரும் லா. நீங்க சம்பாதிச்சது அப்போ. அரசாங்கம் லேட்டாக் கொடுத்துச்சு, அவ்வளவுதான். நோட்டீஸ் வந்து முப்பது நாள் ஆகலையே?"

"பன்னிரண்டு நாள்."

"அப்போ ஆட்சேபம் எழுதிக் கொடுங்க. இந்த வருஷத்தைக் குறைச்சு, பழைய வருஷங்களைத் திருத்துவோம்."

எழுதிக் கொடுத்தேன். வரி கட்டும் கெடு முடிவதற்குள் புது நோட்டீஸ்கள் வந்தன. பழைய ஆண்டுகளில் என் சம்பளம் குறைவு. நிலுவையைச் சேர்த்த பிறகும் கீழ்ப்படி விகிதத்தைத் தாண்டவில்லை. முதல் ஆண்டுக்கு வரியே வரவில்லை. மற்ற இரண்டுக்கும் சிறு தொகைதான்.

அதைப் பார்த்ததும் மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை காலையிலேயே அதே முகப்பில் போய் நின்றேன்.

"சார், ரொம்பக் குறைவா இருக்கு. சரியாப் பார்த்தீங்களா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பத்து வருஷமா இந்த மேசையில இருக்கேன், டீச்சர். குறைஞ்சிருக்குன்னு புகார் கொடுக்க வந்த முதல் ஆள் நீங்கதான். வீட்டுக்குப் போங்க."

போனேன். வீட்டு முன்பணம் கட்டும் நாளில், வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் ஆண்டு வருமானம் கேட்டிருந்தார்கள். எந்த ஆண்டு என்று நான் யோசிக்கத் தொடங்கியதும் என் கணவர் கை நீட்டினார்.

"பேனாவை இங்க கொடு. நீ பிள்ளையைப் பிடி."

வீடு கிடைத்தது. அவர் என்ன எழுதினார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.