நான் கேட்காத ஒரு கேள்வி

ராஜபாளையத்தில் மருந்துக்கடை பார்மசிஸ்டாக நிற்கும் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மற்றவர்கள் இருமல் மருந்தை நிறத்தையும் பெயரையும் பார்த்து எடுப்பார்கள். நான் பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் படிப்பேன். ஒரே பெயரில், கடைசி இரண்டு எழுத்து மட்டும் மாறி நாலு பாட்டில் வரும். அம்பிராக்சாலும் குவைபெனசினும் இருந்தால் நெஞ்சுச் சளியை இளக்கி வெளியேற்றும். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருமலையே அடக்கும். வறட்டு இருமலுக்குத்தான் அது. சளி இருப்பவருக்குக் கொடுத்தால் சளி உள்ளேயே தங்கிவிடும். மாற்றி எடுத்துக் கொடுத்த கடைப் பையன்களை எத்தனையோ தடவை நக்கலடித்திருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் சேத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சளி வருகிறதா என்று கேட்டேன். இல்லை, வறட்டு இருமல்தான் என்றார். டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் குளோர்பெனிரமினும் சேர்ந்ததை எடுத்து, பத்து மில்லி மூன்று வேளை என்றேன். இருமலுக்குச் சரியான மருந்து. குளோர்பெனிரமின் தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்து என்பது எனக்கு நன்றாகவே தெரியும். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கடையில் கூட்டம் என்பதெல்லாம் சாக்கு.

அவர் பள்ளிக்கூட வேன் டிரைவர். மறுநாள் மதியம் மருந்தைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனவர், ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் கண்ணயர்ந்து வேனை ஓடைக்குள் இறக்கிவிட்டார். நல்லவேளை, பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. குடித்துவிட்டு ஓட்டினார் என்று சொல்லி அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கடைக்கு வந்த ஒரு அம்மா செல்போனில் டிரைவரின் படத்தைக் காட்டி அவரைத் திட்டினார். நான் மருந்து கொடுத்த அதே சேத்தூர்க்காரர்.

பள்ளிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதால் தினமும் பஸ்ஸில் அந்த ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த இடம் வந்தால் செல்போனைப் பார்த்துக்கொள்வேன்.

பத்து நாள் கழித்து அவரே கடைக்கு வந்தார்.

“மருந்து நல்லா கேட்டுச்சு தம்பி. வீட்டுக்காரிக்கும் இருமுது, அதையே குடுங்க.”

சளி வருகிறதா என்று கேட்டேன். மஞ்சளாக வருகிறதாம். அப்படியென்றால் அது வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம், முடியவில்லை. உங்களுக்குக் கொடுத்ததில் தூக்கம் வரவைக்கும் மருந்து இருந்தது, குடித்துவிட்டு வண்டி ஓட்டக்கூடாது, நான்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லி முடித்தேன்.



“ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

தெரியும் என்றேன்.

அந்த மருந்துப் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரோடு பள்ளிக்குப் போனேன். மேனேஜர் தூக்கம் வரும் என்ற பொடி எழுத்து வரியைப் படித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். வேறு டிரைவர் போட்டாகிவிட்டது, இடம் காலியானால் சொல்லியனுப்புகிறேன் என்றார். வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

“அந்தப் பாட்டிலோட செத்த நேரம் வீட்டுக்கு வாங்க தம்பி. நான் குடிக்கலன்னு அவளும் நம்பல.”