சீட்டில் இல்லாத மாத்திரை

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மெடிக்கல் வைத்திருக்கும் அசன் முகம்மது பாயைப் பற்றி யாராவது எழுதவேண்டும் என்றால், அதற்கு நான் கடைசி ஆளாக இருக்கவேண்டும். அவருடைய வாழ்க்கையில் பட்ட ஒரு கறை என் கையிலிருந்து ஒட்டியது.

நான் பிரேம்குமார். இருபத்தெட்டு வருடம் மருந்துக் கம்பெனி ரெப்பாக ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரூட்டில் பை தூக்கினேன். தொண்ணூறுகளில் ஒரு நாள், விட்டமின் ஈ பச்சை மாத்திரையை மேஜையில் வைத்து, "இதைச் சாப்பிடுறவங்களுக்கு மாரடைப்பு கொறைவா வருதாம் பாய், வெளிநாட்டுல ஆய்வு பண்ணியிருக்காங்க" என்றேன். அவருடைய அத்தா நாற்பத்தாறு வயதில் மாரடைப்பில் போனவர். அன்றைக்கே பாய் நானூறு யூனிட் மாத்திரையை விழுங்க ஆரம்பித்தார்.

பாய் நல்ல மனுஷன். அதுதான் பிரச்சினையே. கண் தெரியாத பெரியவர்களுக்குக் காலை, இரவு என்று தனித்தனிக் கவரில் மாத்திரை போட்டு, மேலே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பார். நெஞ்சுவலிக்காரர் என்றால் டாக்டர் சீட்டில் இல்லாத பச்சை மாத்திரையும் கவருக்குள் சேர்ந்துவிடும். அதற்குக் காசு வாங்கமாட்டார்.

நான் சொன்ன ஆய்வு, தானாக விட்டமின் வாங்கிச் சாப்பிட்டவர்களைக் கவனித்த ஆய்வு. அப்படி வாங்கிச் சாப்பிடுகிறவர் காலையில் நடப்பார், பீடி தொடமாட்டார், வேளைக்கு டாக்டரைப் பார்ப்பார். அவருடைய இதயத்தைக் காப்பாற்றியது மாத்திரையா, அந்தப் பழக்கங்களா? பிறகு, ஆயிரக்கணக்கானவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, பாதிப் பேருக்கு விட்டமின், மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி வெறும் மாத்திரை கொடுத்தார்கள். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. வருடக்கணக்கில் பார்த்தும் மாரடைப்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான். சோதனைக் குழாயில் கொழுப்பு கெட்டுப்போகாமல் தடுத்த சத்து, மனிதனின் ரத்தக்குழாயில் அந்த வேலையைச் செய்யவில்லை. ஓர் ஆய்வில் விட்டமின் பக்கம் இதயம் தளர்ந்துபோனவர்கள் கூடுதல். இன்னொன்றில் மூளைக்குள் ரத்தக்கசிவு கூடுதல். இதெல்லாம் வந்தபோது என் பையில் வேறு மாத்திரை இருந்தது. திரும்பிப்போய்ச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

வேங்கடேசன் பாயின் பள்ளிக்கூடத் தோழர். ராஜபாளையம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதுரையில் இதய வால்வு மாற்றி வந்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. ஒரு நாள் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்றாராம். பாய் பதறிப்போய், காலை ஒன்று, இரவு ஒன்று என்று பச்சை மாத்திரையைக் கவரில் சேர்த்துவிட்டார். அந்த மாதப் பரிசோதனையும் தள்ளிப்போனது.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு மத்தியானம் பாய் போனில் அழைத்தார். "வேங்கடேசன் மயங்கி விழுந்துட்டான். மூளைக்குள்ள ரத்தம், நிக்க மாட்டேங்குதாம். நம்ம பச்ச மாத்திர எதுவும் பண்ணுமா?"

அதிக அளவில் அது, கீரையில் இருந்து கிடைத்து ரத்தத்தை உறையவைக்கிற விட்டமின் கே-யின் வேலையைக் கெடுக்கும், ரத்தம் உறைவது குறையும், உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு ஆபத்து இரட்டிப்பு என்று சொன்னேன். பாய் நேராக டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். "இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா குடுத்திருக்கக்கூடாது" என்றாராம் டாக்டர். ரத்தம் உறைய முறிவு மருந்து ஏற்றியும் மூன்றாம் நாள் வேங்கடேசன் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து பாய் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். வேங்கடேசனின் மனைவி பங்கஜவல்லி எங்களைக் கண்டதும் உடைந்துவிட்டார்.

"நாந்தான் அண்ணே கொன்னுட்டேன். கீரய ஒரே அளவா குடுக்கணும், கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. யாரோ ஆகாதுன்னாவன்னு ஒரு மாசமா அவியளுக்குக் கீரையே ஆக்கல."

பாய்க்கு வாய்ப்பு அங்கே இருந்தது. பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். அந்த அம்மாள் சாகும்வரை தன்னையே நொந்துகொண்டிருப்பார், கடையும் நடக்கும். பாய் தரையில் உட்கார்ந்தார்.

"கீரையினால மட்டும்னு நெனைக்காதம்மா. கவர்ல பச்ச மாத்திர இருந்துச்சே, அது டாக்டர் எழுதினது இல்ல. நானா போட்டது. அது ரத்தத்த இன்னும் எளக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. எது காரணம்னு யாராலயும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனா உன்னயத் தனியாக் குத்தவாளியாக்க மாட்டேன்."

பங்கஜவல்லி திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மத்த மாத்திரய எல்லாம் நான் ஞாபகப்படுத்தணும் அண்ணே. அத மட்டும் அவியளே கேட்டு வாங்கிப் போடுவாவ. அசன் குடுத்ததுன்னு."

பாய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். அந்த மாத்திரையை அவரிடம் கொண்டுவந்தது யார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நானும் சொல்லவில்லை.