படத்தில் இருந்த டம்ளர்

வடக்கே மோரி கேட் பக்கம் ஒரு பேரிங் கடையில் பல வருடம் வேலை பார்த்தேன். பேரிங், பெல்ட், புல்லி விற்கிற கடை. முதலாளி பஞ்சாபி. லாலாஜி என்றுதான் கூப்பிடுவோம். நான் படித்தது ஐந்தாவது வரை. நம்பர் படிக்கத் தெரிந்தால் அந்த வேலைக்குப் போதும்.

ஒரு நாள் காலையில், ஷட்டர் தூக்கிக் கொஞ்ச நேரத்தில், ஒரு பட்டாளத்துத் தம்பி வந்தான். குளிர் ஆரம்பிக்கிற மாதம். தலையை ஒட்ட வெட்டியிருந்தான். நான் பக்கத்துக் கடைக்காரனிடம் பேசுகிற இந்தியைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டான்.

"அண்ணாச்சி, தமிழா?"

"சேலம் பக்கம். நீ?"

"திருநெல்வேலி."

சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தான். கலர் பிரிண்ட். சாக்கின் மேல் ஒரு மெஷினைப் பிரித்துப் போட்ட சாமான்கள். இரண்டு பேரிங், ஒரு சின்னப் பல்சக்கரம், ஒரு புல்லி, மடித்துப் போட்ட ஒரு பெல்ட். நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

"டம்ளர் எதுக்கு?"

"அளவு தெரியட்டும்னு சமையக்காரர் வச்சாரு."

விஷயம் இதுதான். மலை மேல் அவர்கள் முகாமில் ஒரு மாவாட்டும் கிரைண்டர். கோயமுத்தூரிலிருந்து சமையல்காரர் சொந்த முயற்சியில் வரவழைத்தது. ரயில், லாரி, கடைசியில் ஆள் தோள் என்று ஏற்றினார்களாம். அது இப்போது ஊளையிடுகிறது. பிரித்துப் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், திரும்பவும் அதையே பூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கழற்றிக் கொடுத்து அனுப்பினால் அன்றைக்கே இட்லி நின்றுவிடும். அதனால்தான் சாமான் வரவில்லை, படம் வந்தது.

"லீவு முடிஞ்சு போறேன் அண்ணாச்சி. நாளைக்குக் காலையில இங்க கேம்ப்லேர்ந்து மலைக்கு வண்டி. அது போனா அப்புறம் பாதை மூடிரும். பனி. வெயில் காலத்துலதான் திறக்கும்."

"தப்பா வாங்கிட்டுப் போனா?"

"ஆறேழு மாசம் ரொட்டிதான். சமையக்காரரை எல்லாரும் கொன்னுருவானுவ. என்னையும் சேர்த்து."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பின்பக்கம் பேனாவில் எழுதியிருந்தது. பேரிங் இரண்டு, பெல்ட் ஒன்று, சின்னப் பல் ஒன்று. புல்லி நன்றாக இருக்கிறது, வேண்டாம். நம்பர் ஒன்றும் இல்லை.

"பேரிங் மேல நம்பர் வெட்டியிருக்குமே. பாக்கலையா?"

"தேஞ்சு போச்சாம். ஒண்ணும் தெரியலையாம்."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பேரிங் இரண்டுக்கும் பக்கத்தில் தகடு மூடியிருந்தது. உள்ளே குண்டு எத்தனை என்று எண்ண வழியில்லை. நடு ஓட்டை வெளிவட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அது ஒரு துப்பு. எங்கள் கடையில் அந்த மாதிரி ஓடுவது இரண்டு. 6205, 6206. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் ஓட்டை எத்தனை மில்லி என்று வரும். இருபத்தைந்து, முப்பது. வெளிவட்டம் ஐம்பத்திரண்டு, அறுபத்திரண்டு. கையில் எடுத்தால் குழந்தை கூடச் சொல்லும். படத்தில் இரண்டுக்கும் உருவம் ஒன்றேதான்.

பெல்ட்டில் 42 என்று தெரிந்தது. நாற்பத்திரண்டு அங்குலம், சரி. அதற்கு முன்னால் இருக்கிற எழுத்து மடிப்புக்குள் போய்விட்டது. ஏ என்றால் ஒல்லி, பதின்மூன்று மில்லி அகலம். பி என்றால் பதினேழு. பேரிங் சின்னது என்றால் பெல்ட் ஏ மாதிரித் தெரிகிறது. பேரிங் பெரியது என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் அதே பெல்ட் பி மாதிரித் தெரிகிறது. பல்சக்கரத்தில் பல்லை எண்ணினேன். பதினெட்டு. அதுவும் அப்படித்தான். ஐம்பது மில்லியாகவும் இருக்கலாம், அறுபதாகவும் இருக்கலாம். படத்தில் ஒன்றுக்கொன்று எல்லாம் பொருந்தியிருந்தது. மொத்தமாக எவ்வளவு பெரிசு என்பது மட்டும் தெரியவில்லை.

லாலாஜி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாசட் பாஞ்ச்," என்றார். 6205. படத்தைக் கையில் வாங்கினார். "நஹீ, பாசட் சே." 6206. பிறகு படத்தை மேசையில் வைத்துவிட்டு டீ குடித்தார்.

"ரெண்டையும் கட்டிக் கொடுங்க அண்ணாச்சி. பொருந்துறத மாட்டிக்கிடுதோம்."

பேரிங்குக்கும் பெல்ட்டுக்கும் அது சரி. இரண்டு அளவிலும் எடுத்து வைத்தேன், பேரிங் ஜோடி ஜோடியாக. பல்சக்கரம் அப்படி இல்லை. அது கடையில் கிடைக்காது, வெட்ட வேண்டும். கிரைண்டர் டிரம்மோடு சேர்ந்த பெரிய பல்சக்கரம் மலை மேல் இருக்கிறது. அதன் பல்லில் இதன் பல் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பேரிங்கும் பெல்ட்டும் இருந்து என்ன பயன்.

சந்துக்குள் பல் வெட்டுகிற மிஸ்திரியிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயசான ஆள். படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு வெட்டலாம். ரெண்டு முடியாது. மதியத்துக்குள்ள எதுன்னு சொல்லு," என்றார் இந்தியில். பிறகு அவனைப் பார்த்து, "பையா, பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு எடுக்கக் கூடாதா?" என்றார்.

நான் தமிழில் சொன்னேன்.

"டம்ளர் வச்சிருக்காவல்லா," என்றான் அவன்.

திரும்பி வந்தோம். வெர்னியர் அளவுகோலை எடுத்துப் படத்தில் டம்ளர் உயரத்தை அளந்தேன். முன்னால் இருக்கிற பேரிங்கை அளந்தேன். ஒன்றே முக்கால் பேரிங் உயரம் டம்ளர். அப்படியானால் டம்ளர் ஒன்பது சென்டிமீட்டர் என்றால் சின்னது எல்லாம். பதினொன்று என்றால் பெரியது எல்லாம். இப்போது டம்ளரைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"எவ்வளவு உசரம்பா இருக்கும்?"

"சாதாரண டம்ளர்தான்."

"சாதாரணம்னா?"

"காப்பி டம்ளர் அண்ணாச்சி. எல்லா வீட்லயும் இருக்கும்லா."

எங்கள் வீட்டில் இருப்பது உயரம். என் மனைவி வேலை செய்கிற மோதி பாக் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் குட்டையாக, வாய் விரிந்து இருக்கும். லாலாஜிக்கு கிலாஸ் என்றால் லஸ்ஸி குடிக்கிறது. அவர் கையை விரித்து ஒரு உயரம் காட்டினார். அந்தக் கணக்குக்குப் பேரிங் வைத்தால் லாரிக்குத்தான் போடலாம்.

"நீ அதுல குடிச்சிருக்கியா?"

"எப்பவாச்சும் குடிப்பேன். நாங்க மக்குல குடிக்கது. சமையக்காரர் மனசு நல்லா இருந்தா அதுல ஊத்தித் தருவாரு."

"எத்தனை வாய் வரும்?"

யோசித்தான். "மூணு மடக்கு."

லாலாஜியின் தண்ணீர் கிலாஸை நிரப்பிக் கொடுத்தேன். குடித்தான். ஆறு மடக்கு. என் சாப்பாட்டுப் பையில் இருந்த டம்ளரில் கொடுத்தேன். நாலு. எதிர் டீக்கடையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிலாஸ் வாங்கி வந்தேன். மூன்றும் கொஞ்சமும். அதற்குள் அவன் வயிறு தண்ணீரால் நிறைந்துவிட்டது.

லாலாஜிக்கு நான் விளக்கினேன். அவர் டீக்கடைக் கிலாஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "தண்ணிய எவனும் கடகடன்னு குடிப்பான். காப்பி சூடா இருக்குமே. சூடா இருந்தா வாய் சின்னதா இருக்கும்," என்றார். இந்தியில் சொன்னார். அர்த்தம் அதுதான்.

அதுவும் நியாயமாகப் பட்டது. சூட்டில் மூன்று வாய் என்றால் டம்ளர் இன்னும் சின்னது. அவ்வளவு சின்ன டம்ளர் கிடையாது.

"சூடு எங்க நிக்கும் அண்ணாச்சி," என்றான் அவன். "அங்க ஊத்தும்போதே ஆறிரும். உறையறதுக்கு முன்னால குடிக்கணும். பெரிய மடக்குதான்."

பெரிய மடக்கு என்றால் டம்ளர் பெரியதாகவும் இருக்கலாம். நான் மேசையில் மூன்று டம்ளரையும் வரிசையாக நிறுத்திவைத்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்த வாடிக்கையாளர் ஒருவர் இங்கே பாத்திரமும் விற்கிறீர்களா என்று கேட்டார்.

"மலை மேல போன் இல்லையா?"

"இருக்கு. டம்ளர் எவ்வளவு உசரம்னு கேக்கதுக்கு லைன் தருவாங்களா?"

மதியம் ஆகிவிட்டது. மிஸ்திரி இரும்புத் துண்டை லேத்தில் கட்டிவிட்டு ஆள் அனுப்பினார்.

கடைசியில் அவனை எதிரே நிறுத்தினேன். "கண்ண மூடு. அவரு டம்ளரைத் தராரு. வாங்கு." கண்ணை மூடிக் கையை நீட்டினான். விரல் மடங்கியது. அந்த நிலையிலேயே கையை அசைக்காமல் இருக்கச் சொன்னேன். ஒவ்வொரு டம்ளராகக் கையில் சொருகிப் பார்த்தேன். டீக்கடைக் கிலாஸ் கிட்டத்தட்ட உட்கார்ந்தது. அதன் உயரம் ஒன்பதுக்குக் கொஞ்சம் மேலே.

"உறுதியா?"

"கையுறை போட்டிருப்பேன் அண்ணாச்சி," என்றான் கண்ணைத் திறக்காமல்.

ஐம்பது மில்லி வெட்டச் சொல்லிவிட்டேன். ஏதாவது ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டான். பல்சக்கரத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் உடுப்புக்கு நடுவில் வைத்தான். படத்தை என்னிடமே விட்டுவிட்டான். "பொருந்தலைன்னா உங்க பேரைத்தான் சொல்லுவேன்," என்றான்.

"என் பேரு உனக்குத் தெரியாதே."

"சேலத்துக்காரர்னு சொல்லுவேன்."

அந்தக் குளிர் முழுக்க அவ்வப்போது அது நினைவுக்கு வந்தது. 6206 எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் வந்தது. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோசை சுட்டால் வந்தது.

வெயில் காலத்தில் அவன் வந்தான். ஊருக்குப் போகிற வழி. முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. அவனே சொன்னான்.

"பல்லு உக்காந்துட்டு அண்ணாச்சி."

லாலாஜிக்குச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"பேரிங்?"

"அதுதான் வேடிக்கை. ரெண்டு ஜோடியிலயும் ஒவ்வொண்ணு மாட்டினோம். ஒரு பக்கம் சின்னது, ஒரு பக்கம் பெரிசு."

படத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு பேரிங் முன்னால் இருந்தது, ஒன்று பின்னால். பின்னால் இருப்பது தூரம். தூரத்தில் இருப்பது சிறுத்துத் தெரியும். பெரியது சிறுத்து, சின்னதும் அதுவும் ஒரே அளவாகிவிட்டது. லாலாஜி முதலில் சொன்னதும் சரி, பிறகு மாற்றிச் சொன்னதும் சரி. அப்போது எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இரண்டும் ஜோடி என்றே எடுத்துக்கொண்டோம்.

"சத்தம் இருக்குதா?"

"கத்துது. முன்ன விடக் கம்மி. புதுப் பல்லு பழைய பல்லுல ஓடுதுல்லா, கத்தத்தான் செய்யும்னாரு மெக்கானிக்கு."

அது சரிதான். பெரிய சக்கரத்தையும் மாற்ற வேண்டும். அதற்கு அவன் இன்னொரு படம் கொண்டு வந்திருக்கவில்லை.

"இட்லி?"

"வாரத்துல ரெண்டு நாள். ஒரு நாள்கூட நிக்கல. அந்தக் குளிருல மாவு புளிக்கல, அதுக்கு வேற சண்டை. புளிக்காத மாவுல இட்லி கல்லு மாதிரி இருக்கும். அப்பவும் சண்டை போட்டுத் தின்னானுவ."

எழுந்து பெட்டியைத் தூக்கினான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றான். தெருமுனை வரை கூடப் போனேன். ஆட்டோவில் ஏறினான்.

எந்தப் பக்கம் பெரிய பேரிங், புல்லி பக்கமா பல்சக்கரத்துப் பக்கமா என்று கேட்க மறந்துவிட்டேன். கேட்டிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.