கண்ணாடி முன் கேட்ட குரல்

அன்று மத்தியானம் மகளின் அறையிலிருந்து என் நாத்தனாரின் குரல் கேட்டது: "ஏஞ்சாமி, இப்படி ஊதிப் போயிட்டே?"

எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் தன் ஊருக்குத் திரும்பி ஒரு வாரமாகியிருந்தது. எட்டிப் பார்த்தேன். பதினான்கு வயது மகள் கண்ணாடி முன் நின்று, அதே குரலில் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளே அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"வளர்ற புள்ளைங்க, பட்டினி போட்றாதீங்க. ஊட்டுல எல்லாரும் சேர்ந்து மாறுங்க. உடம்பைப் பத்திக் குத்திப் பேசாதீங்க" என்றார் டாக்டர்.

இனி அப்படிப் பேசக் கூடாதென்று நாத்தனாரிடம் போனில் கண்டிப்பாகச் சொன்னேன். எல்லோருக்கும் ஒரே சமையல். குளிர்பானம் வாங்குவதை நிறுத்தினோம். சாயங்காலம் அவள் அப்பாவும் சேர்ந்து மூவரும் காவிரிக்கரையில் நடந்தோம். நடக்கும்போதும் சில நாள் அந்தக் குரலில் முணுமுணுப்பாள். நான் திருத்தவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒருநாள் அவளே கேட்டாள்: "அம்மா, இன்னைக்குப் பாலம் வரைக்கும் போலாமுங்களா?"

எடை கூடிய பிள்ளை இருக்கும் வீட்டில், முதலில் பேச்சைத்தான் குறைக்க வேண்டும்.